தன் மேசையில் இன்னொருத்தி

அந்தப் பல் லேபில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கடைவாயக்கா என்பார்கள். முன்பல் செய்ய ஆள் கிடைத்துவிடும். கடைவாய்ப் பல்லை மெழுகில் அவளைப் போலச் செதுக்க அங்கே ஆள் கிடையாது. டாக்டர் ராவிச் சிறிதாக்கிய பல்லின் அச்சு வரும். அதில் பிளாஸ்டர் ஊற்றி எடுத்தால் ஒரு கட்டைப் பல் நிற்கும். அதன்மேல் உருக்கிய மெழுகைச் சொட்டுச் சொட்டாக வைத்து, ஊசி போன்ற கத்தியால் மேட்டையும் பள்ளத்தையும் அவள் கொண்டுவருவாள். மெழுகு உலோகமாகும், உலோகம் பல்லுக்கு உறையாக மாட்டுகிற கேப்பாகும், கேப் யாரோ ஒருவர் வாயில் போய் உட்கார்ந்து பதினைந்து இருபது வருஷம் மென்று கொண்டிருக்கும். பஸ்ஸில் எதிரே உட்கார்ந்தவர் கொட்டாவி விட்டால்கூட அவள் எட்டிப் பார்ப்பாள். தன் பல்லா என்று தெரிந்துகொள்ள ஆசை.

பத்தொன்பது வருஷம் அவள் ஜன்னலோர மேசையில் உட்கார்ந்தாள். அங்கே வெளிச்சம் இடது பக்கத்திலிருந்து விழும், கை நிழல் வேலையின் மேல் விழாது. முதலாளிக்கே அந்த மேசையில் உட்காரத் தயக்கம்.

நாற்பத்தொன்றாவது வயதில் விரல்கள் சண்டித்தனம் செய்ய ஆரம்பித்தன. காலையில் எழுந்தால் இரண்டு கை விரல்களும் மடங்காது. பல் தேய்க்கும் பிரஷ்ஷை உள்ளங்கையால் இடுக்கிப் பிடித்துத் தேய்த்தாள். ஒரு மணி நேரம், சில நாள் இரண்டு மணி நேரம் கழித்துத்தான் விரல்கள் சொன்னபடி கேட்கும். அவள் கணவர் தண்ணீர் மோட்டார் பழுது பார்ப்பவர். "என் மோட்டாரெல்லாம் இப்படித்தான், சூடானாத்தான் ஓடும்" என்று முதல் வாரம் கிண்டல் செய்தார். இரண்டாவது மாதம் கிண்டலை நிறுத்திவிட்டு டாக்டரிடம் கூட்டிப்போனார்.

முடக்குவாதம் என்றார் டாக்டர். உடம்பே தன் மூட்டுகளை எதிரியென்று நினைத்துத் தாக்குகிற நோய். வாரத்துக்கு ஒருநாள் மாத்திரை. மாத்திரை போட்ட மறுநாள் குமட்டலும் அசதியும் இருக்கலாம். மருந்து கட்டுப்படுத்தும், ஆனால் அவ்வப்போது கிளம்பும். எப்போது கிளம்பும் என்று யாராலும் சொல்ல முடியாது.

"வேலை?" என்று கேட்டாள்.

"எந்த வேலை செய்யறீங்க?"

சொன்னாள். டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "மெல்லிசான கத்திய விரல் நுனில பிடிச்சு, நாள் முழுக்க. அப்புறம் அதிர்ற மெஷின வேற பிடிக்கணும். இந்த நோய்க்கு நீங்க தேடிப் பிடிச்ச மாதிரி இருக்குது உங்க வேலை."

அவள் லேபில் யாரிடமும் சொல்லவில்லை. கத்தியின் பிடியில் துணி சுற்றித் தடிமனாக்கினாள். கேட்டவர்களிடம் பிடி வழுக்குகிறது என்றாள். எட்டு மாதம் ஓட்டினாள். பிறகு ஒரே வாரத்தில் மூன்று கேப்புகள் சரியாக உட்காரவில்லையென்று திரும்பி வந்தன. பத்தொன்பது வருஷத்தில் அவளுடையது மொத்தமாகவே மூன்று திரும்பி வந்திருக்குமா என்பது சந்தேகம். முதலாளி அவளைக் கூப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டு, "கையக் காட்டுங்கம்மா" என்றார். காட்டினாள். விரல் கணுக்கள் சிவந்து பளபளவென்று இருந்தன. அவர் சத்தம் போட்டிருந்தால் பரவாயில்லை. "ஏம்மா என்கிட்ட சொல்லல?" என்று மட்டும் கேட்டார். அவளுக்கு அங்கேயே உட்கார்ந்து அழவேண்டும் போல இருந்தது.

பெரிய ஆஸ்பத்திரியின் பின்பக்கத்தில், நோயாலோ விபத்தாலோ பழைய வேலையைத் தொடர முடியாதவர்களுக்கு வேறு தொழில் பார்த்துத் தருகிற ஒரு பிரிவு இருந்தது. டாக்டரின் கடிதத்தோடு அங்கே போனாள். அங்கேதான் கேக்குக்காரியை முதலில் பார்த்தாள்.

இருபத்து நாலு வயசுப் பெண். சக்கர நாற்காலியில் இருந்தாள். காத்திருக்கும் அறையில் இருந்த அத்தனை பேரிடமும் பேசிவிட்டு, மிச்சமிருந்த கடைவாயக்காவிடம் உருண்டு வந்தாள்.

"அக்கா, உங்களுக்கு என்ன? பார்த்தா ஒண்ணும் தெரியலையே?"

"கை" என்றாள் அக்கா.

"எனக்கு இடுப்புக்குக் கீழ. மாடியிலிருந்து விழுந்தேன், முதுகுத்தண்டு. கேக் கடைல சர்க்கரைப் பூ செய்யற வேலை. ரோஜா, மல்லி எல்லாம் இதழ் இதழா செய்வேன். கடை மூணாவது மாடி, லிஃப்ட் கிடையாது. மேல போனாலும் நின்னுக்கிட்டேதான் வேலை. அதோட முடிஞ்சுது."

சொல்லிக்கொண்டே இரண்டு கைகளையும் நாற்காலியின் ஓரத்தில் ஊன்றி உடம்பை மேலே தூக்கினாள். கொஞ்ச நேரம் அப்படியே இருந்து, பிறகு இறங்கினாள். "அரை மணிக்கு ஒருதரம் இப்படிப் பண்ணணும். இல்லாட்டி கீழ புண்ணாயிடும், எனக்கு வலிகூடத் தெரியாது."

அக்கா கேட்டுக்கொண்டே அந்தக் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மெலிந்த, நீளமான, கணுத் தெரியாத விரல்கள். உடம்பையே தூக்குகிற மணிக்கட்டு. பார்க்கப் பார்க்க வயிற்றில் என்னவோ எரிந்தது. சக்கர நாற்காலியில் இருக்கிற ஒரு பெண்ணைப் பார்த்துப் பொறாமைப்படுகிறோம் என்று புரிந்ததும் அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பு வந்தது. அருவருப்பு வந்ததே தவிர எரிச்சல் நிற்கவில்லை.

சோதனை அறையில் இருவரும் அடுத்தடுத்து உட்கார்ந்தார்கள். பிடியின் வலுவை அளக்கும் கருவியை அமுக்கவேண்டும், பலகையின் துளைகளில் சின்னச் சின்னக் குச்சிகளை வரிசையாகச் செருகவேண்டும். கேக்குக்காரியின் விரல்கள் கோழி கொத்துகிற மாதிரி எடுத்து எடுத்து வைத்தன. சோதிக்கிறவர் கடிகாரத்தை இரண்டு தடவை பார்த்தார். அக்காவுக்குப் பாதிப் பலகையிலேயே குச்சி கைநழுவிக் கீழே உருண்டது. குனிந்து எடுக்கப்போனாள்.

"விடுங்கக்கா, நான் எடுக்கறேன்" என்று கேக்குக்காரி நாற்காலியிலிருந்து வளைந்து அதை எடுத்து நீட்டினாள். அக்கா நன்றி சொல்லவில்லை.

அங்கே ஆலோசகராக இருந்த பெண்மணிக்கு ஐம்பது வயதிருக்கும். மூக்குக்கண்ணாடியைத் தலையில் ஏற்றி வைத்துக்கொண்டு அதையே மேசையில் தேடுகிற ரகம். ஆனால் கேள்வியெல்லாம் குறி தப்பாது.

"காலைல எத்தனை மணிக்குக் கை உங்க கையாகுது?"

"பத்து, பத்தரை."

"மாத்திரைக்கு மறுநாள்?"

"அன்னிக்கு நான் மனுஷியே இல்ல."

"ஒரு மாசம் எழுதிக் கொண்டாங்க. தினமும் எப்ப இறுக்கம், எப்ப வலி, எப்ப அசதி, அப்ப என்ன வேலை செஞ்சுக்கிட்டு இருந்தீங்க. ஒருநாள் சோதனைய வச்சு நான் முடிவு பண்ண மாட்டேன். உங்க நோய் ஒருநாள் மாதிரி இன்னொரு நாள் இருக்காது."

"அந்தப் பொண்ணுக்கு?" என்று வாய் தவறிக் கேட்டுவிட்டாள்.

"மத்தவங்க விஷயம் நான் பேசறதில்லம்மா. பொதுவா ஒண்ணு சொல்றேன். சில உடம்பு இன்னிக்கு எப்படியோ பத்து வருஷம் கழிச்சும் ஏறக்குறைய அப்படியே இருக்கும். சிலது ஏறும், இறங்கும், மெல்லக் குறையும். வேலை தேடறப்ப ரெண்டுக்கும் கணக்கு வேற. இன்னிக்கு உங்களால முடியறது எதுன்னு மட்டும் பார்த்தா, மூணு வருஷம் கழிச்சு மறுபடி இங்க வந்து உட்காருவீங்க."

பஸ்ஸில் வீட்டுக்கு வரும்போது அதுவே மண்டையில் சுற்றியது. அந்தப் பெண்ணுக்குத் தன் உடம்பு எங்கே நிற்கிறது என்று தெரியும். கோடு போட்டாகிவிட்டது. இங்கே கோடு தினமும் நகர்கிறது. அதற்கும் சேர்த்துப் பொறாமைப்பட்டாள்.

ஒரு மாதம் கழித்து ஆலோசகர், அக்காவின் சம்மதத்தோடு, லேபுக்கே வந்தார். ஒவ்வொரு மேசையாகப் பார்த்தார். யார் உட்காருகிறார்கள், எதைத் தூக்குகிறார்கள், எவ்வளவு நேரம் எந்த விரல், தூசி எங்கே, சத்தம் எங்கே என்று குறித்துக்கொண்டார். கடைவாய் மேசையருகே ரொம்ப நேரம் நின்றார். பிறகு அக்காவைத் தனியே கூப்பிட்டு நேராகவே சொன்னார்.

"இந்த மேசை வேலைய நீங்க தொடர முடியாது. இது உங்களுக்கும் தெரியும். முதலாளி உங்களுக்குப் பதில் ஆள் தேடறார். கை நுணுக்கம் இருக்கிற, உட்கார்ந்து செய்யணும்கிற ஒருத்தங்க என்கிட்ட இருக்காங்க. பேர் வெளிய தெரியறதுக்கு முன்னாடி உங்ககிட்ட சொல்லிடணும்னு நினைச்சேன். அவங்களும் சரின்னு சொல்லியிருக்காங்க."

அக்காவுக்குச் சொல்லாமலே தெரிந்துவிட்டது. "கேக்குக்காரியா?"

ஆலோசகர் மூக்குக்கண்ணாடியைத் தேடினார். "ஆமா."

முதலாளி அதற்குப் பிறகு செய்ததுதான் அக்காவை அடியோடு எரித்தது. வாசற்படிக்குச் சரிவுப் பலகை இரண்டே நாளில் வந்தது. கழிவறைக் கதவு அகலமானது, உள்ளே கைப்பிடி வந்தது. அவளுடைய மேசையின் கீழிருந்த இழுப்பறையை ஆசாரி வந்து கழற்றி, கால் போக இடம் விட்டு, பலகையை இரண்டு விரற்கடை இறக்கிப் போனார்.

"பத்தொன்பது வருஷத்துல ஒரு கால்பலகை கேட்டேன். அதுக்கு மூணு வருஷம் இழுத்தடிச்சார்" என்று வீட்டில் பொருமினாள். "இவளுக்கு ரெண்டு நாளு."

"உன் கை வலிய நீ எட்டு மாசம் மறைச்ச. அவ நாற்காலிய எங்க மறைக்க முடியும்?" என்றார் கணவர்.

"நீங்க யாரு பக்கம்?"

"நான் சமையல் பக்கம்" என்று அவர் எழுந்து போனார். அவள் கை வீங்கியதிலிருந்து வீட்டில் காய் நறுக்குவது அவர்தான்.

அக்காவுக்கு என்ன வேலை என்பது இன்னும் முடிவாகவில்லை. லேபில் புதிதாக ஒரு கணினிப் பகுதி வந்திருந்தது. அங்கே மெழுகு கிடையாது. வாயைக் கேமராவால் எடுத்த படத்தின்மேல் திரையிலேயே பல்லை வரைந்து இயந்திரத்துக்கு அனுப்புவார்கள். "எனக்கு அதக் குடுங்க. பல் எனக்குத் தெரியும், கத்திதான் வேணாம்" என்றாள். நியாயமான பேச்சு என்று எல்லாருக்கும் பட்டது. ஆலோசகர் மட்டும் தயங்கினார்.

"நாள் முழுக்க மவுஸ். அதே மணிக்கட்டு, அதே விரல். ஆசை இருக்குன்னா செஞ்சு பார்த்துடலாம். ரெண்டு வாரம் சோதனை. ஆனா எழுதற நோட்ட நிறுத்தாதீங்க."

கேக்குக்காரி ஜன்னலோர மேசைக்கு வந்த அதே திங்கட்கிழமை அக்கா கணினி முன் உட்கார்ந்தாள். இரண்டு இடத்துக்கும் நடுவே ஒரு கண்ணாடித் தடுப்புதான். திரையில் பல்லைப் பார்க்கவேண்டிய கண் தடுப்புக்கு அந்தப் பக்கம் போய்க்கொண்டே இருந்தது. அந்தப் பெண் மெழுகைச் சொட்டு வைக்கிற விதத்தைப் பார்த்தாள். சர்க்கரையில் பழகிய கை. எவ்வளவு சூட்டில் எது உருகும், எப்போது இறுகும் என்று யாரும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. நாலாம் நாள் முதலாளி அவள் செதுக்கிய ஒரு பல்லை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு எல்லா மேசைக்கும் சுற்றி வந்தார். அக்காவிடமும் நீட்டினார்.

"எப்படி?"

"பள்ளம் ஆழம் பத்தல" என்றாள். உண்மையில் பத்தியிருந்தது.

கணினி வேலை அவளுக்கு வந்தது. பல்லை எப்படி இழுத்தால் எங்கே உப்பும் என்று மூன்று நாளில் பிடித்துக்கொண்டாள். ஐந்தாம் நாள் மணிக்கட்டு கனத்தது. அவள் நோட்டில் எழுதவில்லை. ஏழாம் நாள் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். எட்டாம் நாள் வலது மணிக்கட்டு பந்து போல வீங்கியது. நீண்ட கைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தாள்.

அந்த எட்டாம் நாள்தான் அது நடந்தது.

சாப்பாட்டு இடைவேளை. கேக்குக்காரி கை கழுவப் போயிருந்தாள். அக்கா அவள் மேசைப் பக்கம் போனாள். தன்னுடைய மேசையைப் பார்க்கத்தான் போகிறேன் என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். மேல்தாடை அச்சும் கீழ்த்தாடை அச்சும் பொருத்திய சின்ன இரும்புத் தாடை மேசையில் நின்றது. நடுவே ஒரு மெழுகுக் கடைவாய், முடித்து வைத்தது, அழகாக இருந்தது. அக்காவின் கண் அதில் நிற்கவில்லை. பக்கத்துப் பல்லின் மேல், பள்ளத்தின் ஓரத்தில், கடுகில் பாதி அளவு ஒரு பிளாஸ்டர் உருண்டை ஒட்டிக்கொண்டிருந்தது.

அச்சு எடுக்கும்போது காற்றுக் குமிழ் விழுந்தால் அந்தக் குழியில் பிளாஸ்டர் புகுந்து இப்படி உருண்டையாக நிற்கும். வாயில் அது கிடையாது. ஆனால் அச்சில் அது முட்டுக்கொடுத்து நிற்பதால் மேல்தாடையும் கீழ்த்தாடையும் முழுசாக மூடாது. மூடாத இடைவெளிக்குத் தகுந்தாற்போல் பல்லைச் செதுக்கினால், வாயில் போடும்போது அது உயரமாக இருக்கும். நோயாளி வாயை மூடினால் அந்த ஒரு பல்தான் இடிக்கும். புதிதாக வந்தவர்களுக்கு இது தெரியாது. அக்காவுக்கு ஒரு பார்வை போதும்.

நகத்தால் சுரண்டினால் போய்விடும் உருண்டை. பெண் திரும்பி வருகிற சக்கரச் சத்தம் கேட்டது.

"என்னக்கா, சரியா இருக்கா?"

"ம்" என்றாள் அக்கா. "நல்லா இருக்குது."

போய்த் தன் இடத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

அன்று மாலையே மெழுகு உலோகமாக வார்க்கப்பட்டது. அதற்கு நாலாம் நாள் கேப் திரும்பி வந்தது. டாக்டர் தொலைபேசியில் கத்தியது கண்ணாடித் தடுப்பையும் தாண்டிக் கேட்டது. நோயாளி அரை மணி நேரம் வாயைத் திறந்து உட்கார்ந்தாராம். ராவி ராவிப் பார்த்தும் சரியாகவில்லையாம். மறுபடி அச்சு எடுக்கவேண்டுமாம். முதலாளி கேக்குக்காரியிடம் குரல் உயர்த்தவில்லை. "சோதனைக் காலம் முடியறப்ப பார்க்கலாம்மா" என்று மட்டும் சொன்னார். அந்தப் பெண் அரை மணிக்கு ஒருமுறை உடம்பைத் தூக்குவதைக்கூட மறந்து, அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

அதைப் பார்த்தபோது அக்காவுக்குச் சந்தோஷம் வந்தது. ஆமாம், முதலில் சந்தோஷம்தான் வந்தது. பிறகு அந்தப் பெண் தூக்காமல் இருக்கிறாளே என்று கண் கடிகாரத்துக்குப் போயிற்று. நாற்பது நிமிஷம். ஐம்பது. அவளுக்கு வலி தெரியாது என்று அவளே சொல்லியிருந்தாள். அக்காவுக்கு உட்கார்ந்த இடம் முள்ளாகக் குத்தியது. கடைசியில் எழுந்து போய், "ஏய், தூக்கு" என்றாள்.

"என்னக்கா?"

"உடம்பத் தூக்கு. ஒரு மணி நேரமாச்சு."

பெண் திடுக்கிட்டுக் கைகளை ஊன்றித் தூக்கினாள். கண்ணில் நீர் நின்றது. "நான் எங்க தப்புப் பண்ணேன்னே தெரியலக்கா. தெரிஞ்சாத் திருத்திக்குவேன்."

அக்கா திரும்பி வந்து தன் இடத்தில் உட்கார்ந்தாள்.

மறுநாள் ஆலோசகர் இருவரின் சோதனையையும் பார்க்க வந்தார். முதலில் அக்காவின் நோட்டைப் புரட்டினார். கடைசி ஒரு வாரம் காலியாக இருந்தது. "சட்டைக் கையக் கொஞ்சம் மடிங்க" என்றார். மடித்ததும் பெருமூச்சு விட்டார். "சரி. மவுஸும் இல்ல. தெரிஞ்சுக்கிட்டோம், அவ்வளவுதான்."

"அப்ப என்னதான் மிச்சம்? வாசல்ல உட்கார்ந்து பாக்கெட் ஒட்டவா?"

ஆலோசகர் முதலாளியையும் உள்ளே கூப்பிட்டார். திரும்பி வந்த கேப் பற்றி விசாரித்தார். அச்சையும் இரும்புத் தாடையையும் கொண்டுவரச் சொன்னார். "இது வெளிய போறதுக்கு முன்னாடி யாராவது கண்டுபிடிச்சிருக்க முடியுமா?"

முதலாளி அச்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருக்கே உருண்டை தெரியக் கொஞ்ச நேரமானது. "இதுவா! இதெல்லாம் கடைவாயக்கா கண்ணுக்குத்தான் தெரியும். அவங்க மேசைல இருந்தவரைக்கும் எனக்கு இந்தப் பிரச்சினையே இல்ல. மத்த மேசைக்கு வர்றதையும் போற போக்குல பார்த்துச் சொல்லிடுவாங்க. டாக்டரக் கூப்பிட்டு வேற அச்சு அனுப்புங்கன்னு அவங்களே பேசுவாங்க."

"அதுக்கு எந்த விரல் வேணும்?" என்று ஆலோசகர் கேட்டார்.

முதலாளிக்கு மெல்லப் புரிய ஆரம்பித்து முகம் மலர்ந்தது. அக்காவுக்கு முதலிலேயே புரிந்துவிட்டது. அச்சைச் சரிபார்க்கிற வேலையைத் தனக்குத் தருவதற்கு அவர்கள் சொல்லப்போகிற காரணமே தன் அயோக்கியத்தனம்தான் என்று தெரிந்தது.

"நான் பார்த்தேன்" என்றாள்.

"என்னம்மா?"

"வார்க்கறதுக்கு முன்னாடியே பார்த்தேன். உருண்டை இருந்தது. சொல்லல. நல்லா இருக்குதுன்னு சொன்னேன்."

ஆலோசகர் தலையிலிருந்து மூக்குக்கண்ணாடியை எடுத்து மேசையில் வைத்தார். "அவங்ககிட்ட நீங்களே சொல்லிடுங்க" என்றார். "நாங்க சொன்னா அது வேற மாதிரி ஆயிடும்."

அக்கா சொன்னதைக் கேக்குக்காரி கேட்டுக்கொண்டாள். அழவில்லை.

"ஏங்கக்கா?"

"உன் கையப் பார்த்து."

"என் கையா? நாற்காலில இருக்கிறவ கையப் பார்த்தா?"

"ஆமா."

"அப்ப மாத்திக்கலாமா? என் கைய எடுத்துக்கங்க, உங்க காலக் குடுங்க."

"குடுத்துடறேன்."

"உங்க நோயும் கூட வருமா?"

"வரும். கால் விரலுக்கும் வரும், முட்டிக்கும் வரும்."

பெண் யோசித்தாள். நிஜமாகவே யோசித்தாள். "அப்ப வேணாம். உங்க கால் நாளைக்கு என்ன சொல்லும்னு உங்களுக்கே தெரியாது. எனக்கு என்னுது தெரியும்." பிறகு நாற்காலியைத் திருப்பிக்கொண்டாள். "நீங்க பண்ணது தப்புக்கா. என்னால உடனே மறக்க முடியாது. இப்பப் போங்க."

சோதனைக் காலம் முடிந்து ஜன்னலோர மேசை கேக்குக்காரிக்கே உறுதியானது. ஒரு மாதம் அவள் அக்காவுடன் வேலையைத் தவிர வேறு பேசவில்லை.

அக்காவுக்குப் புது மேசை உள்ளே நுழைகிற இடத்தில், கண்ணாடித் தடுப்பை ஒட்டிப் போடப்பட்டது. வருகிற ஒவ்வொரு அச்சும் ஒவ்வொரு படமும் முதலில் அவளிடம்தான் வரும். அவள் பார்த்து, விளிம்பு தெளிவாக இருக்கிறதா, கடி சரியா, கேப்புக்கு இடம் இருக்கிறதா என்று சொல்வாள். இல்லையென்றால் டாக்டரைக் கூப்பிடுவாள். வேலை முடிந்து போகிற ஒவ்வொரு பல்லும் கடைசியாகவும் அவளிடம் வரும். காதில் மாட்டுகிற போன். திரையில் படத்தைத் திருப்ப, பெரிய உருண்டை வைத்த ஒரு கருவி, உள்ளங்கையால் உருட்டினால் போதும். எழுதவேண்டியதை அவள் வாயால் சொன்னால் கணினி எழுதிக்கொள்ளும். காலை பத்தரைக்கு வேலை ஆரம்பம். மாத்திரைக்கு மறுநாள் விடுமுறை, அதற்குப் பதில் சனிக்கிழமை வருவாள். இதையெல்லாம் ஆலோசகர் முதலாளியோடு உட்கார்ந்து தாளில் எழுதி இரண்டு பேரிடமும் கையெழுத்து வாங்கினார்.

ஆரம்பத்தில் டாக்டர்கள் முறைத்துக்கொண்டார்கள். ஒருவர், "லேப்ல இருந்து எனக்குப் பாடமா?" என்றார்.

"பாடமில்ல டாக்டர். உங்க நோயாளி ரெண்டாவது தடவ வாயைத் திறக்க வேண்டாம்னு பார்க்கறேன். பின்பக்கம் விளிம்பு ஈறுக்குள்ள மறைஞ்சிருக்கு. இன்னொரு படம் எடுத்து அனுப்புங்க, நாளைக்கே ஆரம்பிச்சிடறோம்."

அவர் எடுத்து அனுப்பினார். ஆறு மாதத்தில் அதே டாக்டர், பல்லை ராவுவதற்கு முன்னாலேயே அவளைக் கூப்பிட்டு யோசனை கேட்க ஆரம்பித்தார். திரும்பி வருகிற கேப்புகள் குறைந்தன. அவளுடைய மேசை போன் நம்பரை டாக்டர்கள் ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொண்டார்கள்.

அடுத்த வருஷம் நோய் கிளம்பியது. இரண்டு மணிக்கட்டும், ஒரு முட்டியும். ஐந்து வாரம் அவளால் வீட்டைவிட்டு நகர முடியவில்லை. கணவர் சமையலறை மேசையில் திரையை வைத்துக் கொடுத்தார். படங்கள் வீட்டுக்கே வந்தன. பிளாஸ்டர் அச்சுகளை கேக்குக்காரி தன் மேசையிலிருந்து கேமராவில் திருப்பித் திருப்பிக் காட்டினாள். அவளுக்கு அந்த வேலை கட்டாயமில்லை.

"இன்னும் கொஞ்சம் சாய்ச்சுக் காட்டு. அங்க, பக்கத்துப் பல்லு மேல."

"உருண்டையாக்கா?"

"உருண்டையேதான்."

"சுரண்டிட்டேன். இப்பவெல்லாம் எனக்கே தெரியுது. உங்ககிட்டயிருந்து நிஜமா ஒரு 'நல்லா இருக்குது' வராதான்னுதான் கேட்டேன்."

அக்கா சிரித்துவிட்டாள். வேலையில் சேர்த்துவிட்டவர்களை ஆலோசகரின் பிரிவு வருஷத்துக்கு ஒருமுறை போனில் கூப்பிட்டு விசாரிக்கும். அந்த வருஷம் கூப்பிட்டபோது அக்கா லேபுக்குத் திரும்பிவிட்டிருந்தாள்.

"வேலை எப்படிம்மா இருக்குது? தொடர முடியுமா?"

"முடியும். கை மொத்தமா போனாலும் முடியும்னு தோணுது."

"உடம்புக்கு ஏத்தபடி மாத்தணுமா ஏதாவது?"

"வேணாம்."

"மனசுக்கு?"

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஜன்னல் வெளிச்சம் இடது பக்கத்திலிருந்து விழுந்துகொண்டிருந்தது. கேக்குக்காரி ஒரு மெழுகுக் கடைவாயின் கடைசிப் பள்ளத்தைக் கத்தி நுனியால் இழுத்துக்கொண்டிருந்தாள். கோடு நடுங்காமல் போயிற்று.

"உண்மையச் சொல்லட்டுமா? அவ அந்தப் பள்ளத்த இழுக்கறப்ப எனக்கு இன்னும் வயிறு எரியுது."

மறுமுனையில் பேனா சத்தம் நின்றது. "அதுக்கு என் படிவத்துல இடமில்லையேம்மா" என்றார் ஆலோசகர்.

"எழுத வேணாம். கேட்டீங்க, சொன்னேன்."

போனை வைத்தாள். மேசையில் அன்றைக்கு வந்த பதினோரு அச்சுகள் இருந்தன. முதலாவதை உள்ளங்கையால் தன் பக்கம் நகர்த்தி, விளக்கைத் திருப்பிக்கொண்டு பார்க்க ஆரம்பித்தாள்.